பழைய மாணவரே சிறப்பு விருந்தினராக வரும்போது: அறிமுக உரை தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்தில் பத்துப் பன்னிரண்டு வருடமாக மைக் என் கையில்தான் இருக்கிறது. குரல் நன்றாக இருப்பதால் அல்ல, மற்றவர்கள் நைசாக நழுவிவிட்டதால். விருந்தினரை அறிமுகம் செய்வதில் என்னென்ன தப்பு செய்யலாமோ அதையெல்லாம் இத்தனை வருடத்தில் செய்து முடித்துவிட்டேன். அதில் தேறிய வழியை, போன பொங்கல் விடுமுறையில் நடந்த சந்திப்பை வைத்துச் சொல்கிறேன்.

அன்றைக்கு வந்த விருந்தினர் 1993-இல் எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர். இப்போது ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பச்சிளம் குழந்தைகள் பிரிவில் செவிலியர் கண்காணிப்பாளர். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்து அணைத்து வைத்துக் காப்பாற்றும் முறையைப் பற்றிப் பேச வந்தார். அவர் பெயரை இங்கே போடவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முதலில், இது என்ன உரை?

நம் ஊர் மேடையில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பாராட்டுரை என்று நிறைய உரைகள் உண்டு. அறிமுக உரை இவற்றில் எதுவும் இல்லை. விருந்தினர் மைக்கைப் பிடிக்கும்போது கூட்டம் அவரைக் கேட்கத் தயாராக இருக்க வேண்டும், அதற்குத்தான் அது. "இவர் யார்? இவர் பேச்சை நான் ஏன் கேட்க வேண்டும்?" இந்த இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம்.

வெளியூர் பிரமுகர் வந்தால் முதல் கேள்விதான் பெரிது. பழைய மாணவர் வந்தால் நிலைமை தலைகீழ். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும், அதாவது முப்பது வருடத்துக்கு முந்தைய அவரைத் தெரியும். இன்றைக்கு அவர் யார் என்பது சரியாகத் தெரியாது. மீதிப் பாதி, முன்னும் பின்னும் படித்தவர்கள், அவர்களுக்கு எதுவுமே தெரியாது. அன்று பார்த்த பிள்ளைக்கும் இன்று வந்திருக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு பாலம் போட வேண்டும். அந்தப் பாலம் சரியாக விழுந்தால் உரை தானாக இதமாகிவிடும். "பாசத்துக்குரிய", "எங்கள் நெஞ்சில் நிறைந்த" என்றெல்லாம் சேர்த்து இதம் வரவழைக்க வேண்டியதில்லை.

நிகழ்ச்சி நிரலில் இடம் பிடிப்பது

எழுத உட்காருவதற்கு முன்னால் நிரலைக் கையில் வாங்கிப் பாருங்கள். அறிமுகம் முடிந்த அடுத்த நொடி விருந்தினர் பேச வேண்டும். ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? அறிமுகம் முடிகிறது, பிறகு பொன்னாடை, பிறகு நினைவுப் பரிசு, பிறகு எண்பத்தைந்தாம் வருட செட் சார்பில் இன்னொரு பொன்னாடை, நடுவே போட்டோ. "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்று போட்டோகிராபர் நிறுத்துகிறார். பத்து நிமிடம் கழித்து விருந்தினர் மைக்குக்கு வரும்போது, நீங்கள் மூட்டிய சூடு ஆறிப்போயிருக்கும்.

அதனால் பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாவற்றையும் அறிமுகத்துக்கு முன்னால் முடிக்கச் சொல்லுங்கள், அல்லது உரை முடிந்த பிறகு வைக்கச் சொல்லுங்கள். சங்கத் தலைவர் முதலில் முகம் சுளிப்பார். "பேசி முடிச்ச பிறகு போத்தினா கைதட்டல் இன்னும் பலமா இருக்கும் சார்" என்று சொன்னால் ஒத்துக்கொள்வார். எனக்கு இது நான்கு முறை பலித்திருக்கிறது.

இன்னொன்று. வரவேற்புரையில் மேடையில் இருக்கும் அத்தனை பேரையும் "அவர்களே, அவர்களே" என்று விளித்தாகிவிட்டது. அறிமுகம் செய்கிறவர் அதை மறுபடி ஆரம்பிக்கக் கூடாது. எட்டுப் பேரைப் பதவியோடு விளித்தால் ஒன்றரை நிமிடம் போகும். உங்கள் மொத்த நேரமே இரண்டு நிமிடம்தான், மிஞ்சினால் மூன்று. "அனைவருக்கும் வணக்கம்" போதும். யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்குத் தெரிந்து இல்லை.

விருந்தினரிடம் பேசுவது

கேட்டால் எல்லோரும் வாட்ஸ்அப்பில் பயோடேட்டா அனுப்பிவிடுவார்கள். இரண்டு பக்கம் இருக்கும். அது வேண்டும்தான், பதவி, வருடம் சரிபார்க்க. ஆனால் அறிமுகத்துக்கு வேண்டியது அதில் இருக்காது. பத்து நாள் முன்னதாக ஒரு போன் போட்டுப் பதினைந்து நிமிடம் பேசுங்கள். நான் பேசியபோது அவர் சிரித்தார்.

"என்ன கேக்கப்போறீங்க அண்ணே? பயோடேட்டாதான் அனுப்பிட்டேனே."

"அதுல இல்லாதது வேணும்மா. ஸ்கூல்ல நீ எந்த இடத்துல அதிக நேரம் இருப்ப?"

இந்தக் கேள்வியைக் கவனியுங்கள். "மறக்க முடியாத அனுபவம் என்ன?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் தருவார்கள்: ஆசிரியர்களின் அன்பு, நண்பர்கள், ஆண்டு விழா. இடத்தைக் கேட்டால் மனசு அங்கே போய் நிற்கும், பொருள்கள் கண்ணில் படும். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பிசிக்ஸ் லேப்" என்றார். அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசு, அதன் பக்கத்தில் எடைக்கற்கள் வைத்த மரப்பெட்டி, அந்தப் பெட்டியின் சாவி தன்னிடம் இருந்தது, விரலால் எடைக்கல்லைத் தொட்ட பையன்களோடு போட்ட சண்டை.

இரண்டாவதாக, "பேச்சை எங்கிருந்து ஆரம்பிக்கப் போற?" என்று கேளுங்கள். அவர் வைத்திருக்கும் முதல் கதையை நீங்கள் சொல்லிவிட்டால் அவர் மேடையில் தவித்துப்போவார். இந்த முறை நானே அதில் விழப் பார்த்தேன். தாயின் நெஞ்சோடு அணைக்கும் முறையைப் பற்றி முன்கூட்டியே படித்துவைத்திருந்தேன். 1970-களின் கடைசியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில், குழந்தைகளை வைக்க இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் இது தொடங்கியது. கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக்கொள்வதைப் போல என்பதால் அந்தப் பெயரே வந்துவிட்டது. நல்ல கதை என்று எழுதியும்விட்டேன். "நான் பொகோட்டாவிலதான் ஆரம்பிக்கிறேன்" என்றார் அவர். அந்தப் பத்தியை அடித்தேன். தலைப்பின் விஷயம் விருந்தினருடைய சொத்து. அறிமுகம் செய்கிறவர் கதவைத் திறந்துவிட வேண்டும், உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளக் கூடாது.

மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம்: "எதைச் சொல்ல வேண்டாம்?" நேராகக் கேளுங்கள். "அப்பாவைப் பத்தி எதுவும் வேண்டாம் அண்ணே, அம்மா வர்றாங்க" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இதைக் கேட்கப் பழகியதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடம் முன்னால் ஒரு பழைய மாணவரை, "கிழிந்த சட்டையோடு வந்தவர், மதியச் சாப்பாட்டுக்காகவே பள்ளிக்கு வந்தவர், இன்று…" என்று உணர்ச்சி பொங்க அறிமுகம் செய்தேன். பலத்த கைதட்டல். இரண்டாம் வரிசையில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டுவிட்டார். விருந்தினர் எழுந்து, தன் பேச்சின் முதல் ஐந்து நிமிடத்தை "எங்க அம்மா என்னை ஒருநாளும் பட்டினி போட்டதில்லை" என்று விளக்குவதிலேயே செலவழித்தார். வறுமை அவருடைய கதை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. கட்டாத ஃபீஸ், ஃபெயிலான பாடம், பழைய காதல், சாதி, குடும்பச் சண்டை எதுவானாலும் கூட்டத்துக்கே தெரிந்திருந்தாலும் உங்கள் வாயால் வரக் கூடாது.

நான்காவது, பெயர். எப்படிச் சொல்ல வேண்டும், இனிஷியல் எது, அப்பா பெயரா கணவர் பெயரா, டாக்டரா முனைவரா என்று அவர் வாயால் கேட்டு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பள்ளியில் ஒரு பெயர், கெஜட்டில் மாற்றிய பின் இன்னொரு பெயர் என்று இருப்பவர்கள் நிறைய. பழைய பட்டப்பெயர் மேடைக்கு வேண்டவே வேண்டாம். "குண்டு" என்று கூப்பிட்டவர்களுக்கு அது செல்லம், கேட்டவருக்கு அப்படி இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்தில் விசாரிப்பது

விருந்தினர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. நினைவு ஏமாற்றும் என்பதற்காக மட்டுமல்ல, அவர் சொல்லத் தயங்கிய நல்ல விஷயம் மற்றவர்களிடம்தான் கிடைக்கும். நான் ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளரைப் போய்ப் பார்த்தேன். ஆசிரியர்களைவிட இவர்களுக்கு ஞாபகம் அதிகம். கீழே விழுந்து உடைந்த ஒவ்வொரு கண்ணாடிக்கும் கணக்கு எழுதியவர்கள் அல்லவா?

"அந்தப் புள்ளையா? ரெண்டு வருசமும் சாவி அதுகிட்டதான். பத்து மில்லிகிராம் கல்லு இருக்குல்ல, மூச்சு விட்டாப் பறக்கும். ஒண்ணு தொலையலையே" என்றார்.

அருமையான விஷயம். ஆனால் விருந்தினர் பிளஸ் டூவில்தான் சாவி தன்னிடம் வந்தது என்று சொல்லியிருந்தார். இப்படி முரண் வந்தால் நான் வைத்திருக்கும் விதி, விருந்தினர் சொன்னதையே எடுத்துக்கொள்வது, அதுவும் இரண்டில் சிறியதை. ஒரு வருடம் என்று சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு வருடம் என்று சொல்லி, பிளஸ் ஒன்னில் சாவி வைத்திருந்த இன்னொரு ஆள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், டீ இடைவேளையில் உங்களைத் தேடி வருவார்.

பள்ளி அலுவலகத்தில் எந்த வருடம் சேர்ந்தார், எந்த வருடம் முடித்தார் என்பதை மட்டும் கேட்டு உறுதிசெய்யலாம். சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து அதிலிருந்து எதையும் மேடையில் வாசிக்கக் கூடாது. அதில் சாதி இருக்கும், அப்பாவின் தொழில் இருக்கும். பிறந்த தேதியும் இருக்கும், அதை நம்பி வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் சேர்க்க வந்த பிள்ளைக்கு வயது பொருந்தும்படி ஹெட்மாஸ்டரே ஒரு தேதி போட்டுவிடுவது சாதாரணம்.

காலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978-இல். அதற்கு முன் படித்தவர்கள் பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கல்லூரியில் பி.யு.சி. சேர்ந்தவர்கள். 1972-இல் பள்ளியை முடித்தவரை "நம் பள்ளியில் பிளஸ் டூ படித்து" என்று அறிமுகம் செய்தால் முன்வரிசைப் பெரியவர்கள் சிரிப்பார்கள். மாவட்டமும் அப்படித்தான். திருவாரூர் மாவட்டம் 1997-இல்தான் பிறந்தது. எண்பதுகளில் படித்தவர் அஞ்சலட்டையில் எழுதியது தஞ்சாவூர் மாவட்டம் என்று.

ஒன்றை எடுத்து மற்றதை விடுவது

இப்போது கையில் நிறைய இருக்கும். எனக்கு இருந்தவை: மாநில அளவில் ஒரு விருது, வெள்ளத்தின்போது மருத்துவமனையில் மூன்று நாள் தொடர்ந்து பணி, பள்ளி கபடி அணி, தராசு, சைக்கிளில் தினமும் ஏழு கிலோமீட்டர். எல்லாவற்றிலும் கொஞ்சம் சொன்னால் எதுவும் நிற்காது.

பழைய நினைவுகளில் எது இன்றைய பேச்சின் தலைப்போடு தானாக ஒட்டுகிறது என்று பாருங்கள். மில்லிகிராம் கல்லை இடுக்கியால் எடுத்து வைத்த பெண், இன்று ஒரு கிலோகூட இல்லாத குழந்தையின் எடை காலையில் பத்து கிராம் ஏறியதா என்று பார்க்கிறார். இதைவிட என்ன வேண்டும்? கபடி சுவையானதுதான், ஆனால் குழந்தைகள் வார்டுக்கு அதைக் கொண்டுபோக இழுத்து முடிச்சுப் போட வேண்டும். சைக்கிள் கதை எல்லாப் பழைய மாணவருக்கும் உண்டு. விருதை விட்டதுதான் கஷ்டமாக இருந்தது. அதை நினைவுப் பரிசில் பொறித்திருந்தார்கள், அழைப்பிதழிலும் இருந்தது, மூன்றாவது தடவை என் வாயிலிருந்து வேறு வர வேண்டுமா என்று விட்டுவிட்டேன்.

இப்படி ஒட்டும் நினைவு எல்லோருக்கும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் வலிந்து செய்ய வேண்டாம். "பின் பெஞ்சில் உட்கார்ந்து சன்னல் வழியாக வானத்தைப் பார்த்தவர், இன்று விமானம் ஓட்டுகிறார்" என்பது போன்ற வாக்கியத்தை ஒருவரும் நம்புவதில்லை. அப்போது அவர் அன்று படித்த வகுப்பு, இன்று செய்யும் வேலையில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்ற ஒரு காட்சி, அதோடு தலைப்பு. அது போதும்.

அவன், அவள், அவர்

தமிழில் இந்த உரைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கூடப் படித்தவர் என்றால் வாயில் "அவ", "வாடா"தான் வரும். மேடையில் "அவர்" என்று ஆரம்பித்து நடுவில் "சொன்னா" என்று வந்துவிடும். எழுதி வைக்கும்போதே ஒரு வழியை முடிவுசெய்துகொள்ளுங்கள். நான் எழுதும் உரைகளில் சிறுவயதுக் காட்சியிலும் "அவர்"தான். "ஒரு மாணவி" என்று தொடங்கினாலும் வினைமுற்று "வைத்திருந்தார்" என்றே முடியும். காதுக்கு முதலில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஆனால் விருந்தினருடைய பிள்ளைகளும் அவர் கீழே வேலை பார்க்கிறவர்களும் கூட்டத்தில் இருக்கலாம்.

இதற்கு விலக்கு ஒன்றே ஒன்று, அவருக்குப் பாடம் எடுத்த வயதான ஆசிரியர். அவர் மேடையேறி "இந்தப் பய" என்றால் கூட்டமே உருகும், விருந்தினரும் உருகுவார். ஆசிரியர் இருந்தால் அவரையே அறிமுகம் செய்யச் சொல்லலாமா என்று கேட்பார்கள். நான் சொல்ல மாட்டேன். மனசு நிறையப் பேசுவார், இருபது நிமிடம் பேசுவார், நடுவில் வேறு மாணவனின் கதை கலந்துவிடும். அறிமுகத்தை நாம் செய்துவிட்டு, பொன்னாடையை அவர் கையால் போர்த்தச் சொல்வது எல்லோருக்கும் நல்லது. அந்த நேரத்தில் அவர் இரண்டு வார்த்தை சொன்னால் அது தனி அழகு.

எழுதிய உரை

அன்று நான் வாசித்தது இது. நிறுத்தி நிதானமாகச் சொன்னால் இரண்டு நிமிடம் வரும்.

"அனைவருக்கும் வணக்கம்.

நம் இயற்பியல் ஆய்வகத்தில், சன்னலோரம், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு இருந்தது. ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அதில் வரிசையாக எடைக்கற்கள். ஆகச் சிறியது 10 மில்லிகிராம். விரலால் தொடக் கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். தொட்டால் வியர்வை ஒட்டும், எடை மாறிவிடும்.

1992-இல் அந்தப் பெட்டியின் சாவியை ஒரு மாணவி வைத்திருந்தார். இங்கே இருக்கும் இரண்டு மூன்று பேர் அவரிடம் 'கையை எடு' என்று திட்டு வாங்கியவர்கள். பெயர் சொல்ல மாட்டேன், சிரிக்கிறவர்களைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பெட்டியில் ஒரு கல்கூடத் தொலையவில்லை என்று நம் ஆய்வக உதவியாளர் ஐயா போன வாரம்கூட என்னிடம் சொன்னார்.

அந்த மாணவி இன்றும் எடைதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பச்சிளம் குழந்தைகள் பிரிவில். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகள், சிலர் ஒரு கிலோகூட இருக்க மாட்டார்கள். காலையில் 10 கிராம் கூடியிருந்தால் அந்த வார்டுக்கே நல்ல செய்தி. 27 வருடமாகச் செவிலியர், இப்போது செவிலியர் கண்காணிப்பாளர்.

நம் வீட்டில், நம் தெருவில் ஒரு குறைமாதக் குழந்தை பிறந்தால் நாம் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று இன்று நமக்குச் சொல்லப்போகிறார்.

'தாயின் நெஞ்சுச் சூடு' என்ற தலைப்பில் பேச வருகிறார், 1993 பிளஸ் டூ, பி பிரிவு, திருமதி…"

அந்த இடத்தில் பெயர். பெயரைக் கடைசியில் வைத்தது மர்மத்துக்காக அல்ல. முதுகுக்குப் பின்னால் பத்தடி ஃபிளெக்ஸில் அவர் படமே சிரித்துக்கொண்டிருக்கிறது, இதில் என்ன மர்மம்? பெயர் காதில் விழுந்ததும் கைதட்டல் எழும், அந்தக் கைதட்டலோடு அவர் நடந்து வரலாம், அதற்காகத்தான். பெயருக்குப் பின்னால் "அவர்களை அன்போடு அழைத்து, தன் உரையை நிகழ்த்துமாறு…" என்று வாலை நீட்டினால் கைதட்டலா வேண்டாமா என்று கூட்டம் குழம்பும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதில் "அறிமுகம் தேவையில்லாதவர்" இல்லை, "தலைசிறந்த பேச்சாளர்" இல்லை. இரண்டாவது ரொம்ப ஆபத்து. வார்டில் 27 வருடம் வேலை பார்த்தவர் மேடையில் பேசிப் பழகியவராக இருக்க வேண்டியதில்லை. "இப்போது ஒரு அற்புதமான உரையைக் கேட்கப்போகிறீர்கள்" என்று சொல்லி அவர் தலையில் பாரத்தை ஏற்றக் கூடாது. வேலையைச் சொல்லிவிட்டால் போதும், பேச்சு எப்படி இருந்தாலும் கூட்டம் கேட்கும்.

அனுப்பி, சரிபார்த்து, வாசித்துப் பார்ப்பது

எழுதியதை விருந்தினருக்கு மூன்று நாள் முன்னால் அனுப்புங்கள். எல்லாம் தெரிந்துவிட்டால் மேடையில் ஆச்சரியம் இருக்காதே என்று சிலர் தயங்குவார்கள். மேடையில் ஆச்சரியப்பட வேண்டியவர் அவர் அல்ல. நான் அனுப்பியதில் "தலைமைச் செவிலியர்" என்று இருந்தது. "அது வேற பதவி அண்ணே, கண்காணிப்பாளர்னு போடுங்க" என்று திருத்தினார். அவர் சக ஊழியர்கள் நான்கு பேர் அன்று வந்திருந்தார்கள்.

நேரத்தைக் கைக்கடிகாரம் வைத்துச் சத்தமாக வாசித்தே அளக்க வேண்டும். மனசுக்குள் படித்தால் பாதி நேரத்தில் முடிந்துவிடும். மேடையில், கூட்டத்தின் சிரிப்புக்கும் சலசலப்புக்கும் இடம் விட்டு, நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொல்தான் என் வேகம்.

தாளில் பெரிய எழுத்தாக, 18 அளவில், வரிக்கு வரி இடம் விட்டு அச்சிடுங்கள். தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். கீழே வரை எழுத்து இருந்தால் தலை குனியும், குரல் மைக்கை விட்டு மேசைக்குள் போய்விடும். செல்போனைப் பார்த்து வாசிப்பதை நான் விட்டுவிட்டேன். ஒருமுறை நடுவில் மாமியாரிடமிருந்து அழைப்பு வந்தது.

மேடையில்

மைக் வாயிலிருந்து நான்கு விரல் தூரம். முதல் பத்தியைத் தாளைப் பார்க்காமல் சொல்லுங்கள், அதை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். விருந்தினரைப் பார்த்துப் பேசாதீர்கள், கூட்டத்தைப் பார்த்துப் பேசுங்கள். அவரைப் பார்ப்பது பெயர் சொல்லும்போது ஒருமுறைதான். பெயர் சொன்னதும் முதல் கைதட்டல் உங்களுடையதாக இருக்கட்டும். அவர் மைக் அருகே வரும்வரை நின்று, அவர் வரும் வழியை மறிக்காமல் பின்பக்கமாக இறங்குங்கள். போகும்போது உங்கள் தாளை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள், அவர் தன்னுடைய தாளை வைக்க இடம் வேண்டும்.

நிச்சயம் நடக்கக்கூடிய கோளாறு ஒன்று, உங்களுக்கு முன்னால் பேசுகிறவர் உங்கள் கதையைச் சொல்லிவிடுவது. அன்றைக்கு வாழ்த்துரை சொன்னவர் "தராசு மாதிரி நேர்மையானவர்" என்று ஏதோ ஆரம்பித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. நல்லவேளை, வேறு பக்கம் போய்விட்டார். உண்மையிலேயே சொல்லிவிட்டால், "அண்ணன் சொன்ன அந்தத் தராசின் சாவி யாரிடம் இருந்தது தெரியுமா?" என்று அங்கிருந்தே பிடித்துக்கொள்ளலாம். புதிதாகச் சொல்வதுபோல முதலிலிருந்து மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொரு கோளாறு நேரம். முக்கியப் பிரமுகர் ஒருவர் தாமதமாக வந்து, நிரல் அரை மணி நேரம் தள்ளிப்போய், "சுருக்கமா முடிங்க" என்று காதில் சொல்வார்கள். அதற்காக இரண்டு நிமிட உரையை அவசரமாக வாசிக்க வேண்டாம். தாளின் பின்பக்கத்தில் முன்பே நான்கு வரி எழுதி வைத்திருங்கள். என்னுடையது: "1992-இல் நம் ஆய்வகத்தில் மில்லிகிராம் எடைக்கற்களின் சாவி இவரிடம் இருந்தது. இன்று ஒரு கிலோகூட இல்லாத குழந்தைகளின் எடையை இவர் பார்க்கிறார். 27 வருடமாகச் செவிலியர், இப்போது செவிலியர் கண்காணிப்பாளர். தாயின் நெஞ்சுச் சூட்டைப் பற்றிப் பேச வருகிறார்…" பிறகு பெயர். முக்கால் நிமிடம்கூட ஆகாது.

விருந்தினர் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பேசுகிறார் என்றால், அறிமுகம் முடியும் முன்பே அவர் திரையில் தெரிய வேண்டும், மைக் மட்டும் அணைந்திருக்க வேண்டும். பெயர் சொன்ன பிறகு "கேக்குதா, கேக்குதா" என்று இரண்டு நிமிடம் போனால் அறிமுகம் செய்ததே வீண். லிங்க் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆளைத் தனியாகப் போடுங்கள், அந்த வேலையையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, உங்கள் உரையின் நகல் ஒன்றை நன்றியுரை சொல்கிறவர் கையில் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். அன்று நான் மறந்துவிட்டேன். நன்றியுரை சொன்னவர் தராசுக் கதையை முதலிலிருந்து மறுபடி சொன்னார், அதிலும் 10 மில்லிகிராமை 10 கிராம் ஆக்கிவிட்டார். மூன்றாம் வரிசையிலிருந்து ஆய்வக உதவியாளர் எழுந்து நின்று, "மில்லி, மில்லி" என்று கத்தினார்.